விளக்கு அணைந்தால் பெல்ட்டைக் கழற்ற வேண்டுமா?

விமானம் மேலேறிச் சமநிலைக்கு வந்து, தலைக்கு மேலே பெல்ட் விளக்கு அணைந்ததும் வரிசை வரிசையாக 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஏதோ கைவிலங்கு கழன்றதுபோல எல்லோரும் பெல்ட்டைக் கழற்றுகிற சத்தம் அது. இன்றைக்கு என் சண்டை அந்தச் சத்தத்தோடுதான். கூடவே இன்னொரு கூட்டத்தோடும் சண்டை உண்டு. பக்கத்தில் ஒருவர் பயந்து நடுங்கும்போது, "ஒண்ணும் ஆகாது, கண்ணை மூடிக்கிட்டுத் தூங்கு" என்று சொல்லிவிட்டுத் தான் குறட்டை விடுகிறவர்கள்.

எங்கள் புதுச்சேரியில் பாரீசில் பிள்ளையோ பெண்ணோ இல்லாத தெரு குறைவு. அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக விமானம் ஏறுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். என் மைத்துனியும் அப்படித்தான். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, "அத்தான், சிங்கப்பூர் பிளேன் ஆறாயிரம் அடி விழுந்துச்சாமே?" என்று கேட்டாள். "விழலைம்மா, உட்கார், சொல்றேன்" என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

2024 மே 21. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 321, ஒரு போயிங் 777. பயணிகள் 211 பேர், ஊழியர் 18 பேர். மியான்மருக்கு மேலே 37,000 அடியில் பறந்துகொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் அங்கே சூடான ஈரக்காற்று கீழிருந்து தூண் தூணாக எழுந்து மேகமாகத் திரளும். அப்படித் திரண்டுகொண்டிருந்த இடத்தின் மேலே விமானம் போயிருக்கலாம் என்று சிங்கப்பூர் அரசின் விசாரணைக் குழு தன் முதல் அறிக்கையில் சொன்னது.

முதலில் சுமார் 19 நொடி லேசான அதிர்வு. விமானி கேட்காமலேயே விமானம் 37,362 அடிக்கு உயர்ந்தது. எழும் காற்று அதைத் தூக்கிவிட்டது. அந்த நேரத்திலேயே பெல்ட் விளக்கைப் போட்டுவிட்டதாக ஒரு விமானி சொன்னது பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து எட்டாவது நொடியில் விமானம் திடீரென்று கீழே இழுக்கப்பட்டது. அடுத்த நாலைந்து நொடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சில நொடிகளில் விமானம் இறங்கிய உயரம் 178 அடி. ஆறாயிரம் அல்ல, நூற்று எழுபத்தெட்டு!

அப்படியானால் அந்த ஆறாயிரம் எங்கிருந்து வந்தது? காயம்பட்டவர்களைப் பார்த்த விமானிகள் பாங்காக்குக்குத் திரும்ப முடிவு செய்தார்கள். கால் மணி நேரத்துக்கும் மேல் கழித்து, அவர்களே நிதானமாக 37,000 அடியிலிருந்து 31,000 அடிக்கு இறக்கினார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இந்த இறக்கத்தையும் அந்தக் குலுக்கலையும் ஒன்றாக்கி 'ஆறாயிரம் அடி வீழ்ச்சி' என்று கூவின. யாரோ வீட்டில் உட்கார்ந்து கூவியதற்கு எங்கள் தெருவில் ஒரு பெண்மணி இரண்டு இரவு தூங்கவில்லை.

178 அடி கொஞ்சம்தானே, பிறகு ஏன் அத்தனை பேருக்கு முதுகெலும்பிலும் மண்டையிலும் அடி என்று கேட்பீர்கள். விஷயம் உயரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. கையிலிருந்து நழுவிய கல் விழுவதைவிட வேகமாக விமானம் கீழே இழுக்கப்பட்டது. பெல்ட் போடாதவர் அந்தக் கல்லைப் போலத்தான் விழுவார். விமானமோ அவரைவிட வேகமாக இறங்குகிறது. ஆகவே அவர் கூரைக்குப் பறப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் கூரைதான் அவர் தலைக்கு இறங்கி வருகிறது. அடுத்த கணம் விமானம் மேலே தள்ளப்படும்போது அவர் தரையிலோ கைப்பிடியிலோ வந்து மோதுவார். காயங்களுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று அறிக்கையும் சொல்கிறது. அன்று 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். என் வயதுக்காரர்.

விமானத்துக்கு என்ன ஆயிற்று? பாங்காக்கில் தன் சக்கரத்தில் ஒழுங்காக இறங்கியது. 1995இல் இந்த 777 வகையின் இறக்கையை போயிங் நிறுவனம் வேண்டுமென்றே ஒடியும்வரை வளைத்துப் பார்த்தது. பறக்கும்போது வரக்கூடிய உச்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டி, நுனி சுமார் 24 அடி வளைந்த பிறகுதான் ஒடிந்தது. ஜன்னல் வழியாக இறக்கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அது ஆடத்தான் வேண்டும். ஆடாத மரம்தான் புயலில் முறியும்.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் இந்தக் குலுக்கலுக்குப் பேச்சுவழக்கில் 'த்ரூ தேர்' என்பார்கள், அதாவது காற்றில் ஒரு ஓட்டை. பயத்தில் பாதியை இந்த மாதிரிச் சொற்களே உண்டாக்குகின்றன. காற்றில் ஓட்டை கிடையாது. ஆற்றில் பாறையைத் தாண்டிய நீர் சுழித்துப் புரளுவதுபோலக் காற்றும் மலையைத் தாண்டியோ, மேகத்தைச் சுற்றியோ, வேகம் வேறுபட்ட இரண்டு காற்றடுக்குகள் உரசியோ புரளும். தோணி சுழலில் ஆடுகிறது, அவ்வளவுதான். அப்போது என்ஜின் சத்தம் குறைந்தால் பயப்படாதீர்கள். மேட்டைக் கண்ட பஸ் டிரைவர் வேகத்தைக் குறைப்பதுபோல விமானியும் குறைக்கிறார்.

இங்கேதான் 'டிக், டிக்' கூட்டத்துக்கு என் கேள்வி. விமானத்தின் ரேடார் மழைத்துளியைத்தான் நன்றாகப் பார்க்கும். மேகமே இல்லாத தெளிந்த வானத்தில் புரளும் காற்றை அது காட்டாது. முன்னால் போன விமானி சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் திடீரென்றுதான். விளக்கு எரிந்தால் 'ஆபத்து தெரிகிறது' என்று பொருள். அணைந்தால் 'எங்களுக்கு எதுவும் தெரியவில்லை' என்றுதான் பொருள், 'எதுவும் இல்லை' என்று அல்ல. அன்று கிடைத்தது எட்டு நொடி. கழிவறையிலிருந்து இருக்கைக்கு வரவே அது போதாது. போகவேண்டியவர் போய்விட்டு உடனே வந்து கட்டிக்கொள்ளட்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, விளக்கு எரியும்போது அந்த நிறுவனம் உணவும் சூடான பானமும் தருவதை நிறுத்தியது. காப்பி வரவில்லை என்று முணுமுணுக்கிறவர்கள், கொதிக்கும் பானையோடு நடைபாதையில் நிற்கிற அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

பயப்படுகிறவரிடம் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லாதீர்கள். முதல் குலுக்கலிலேயே அந்தச் சொல் பொய்யாகிவிடும், பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். "குலுங்கும். விமானம் தாங்கும். நீ செய்யவேண்டியது ஒன்றுதான்" என்று சொல்லுங்கள். பெல்ட் வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக, இறுக்கமாக இருக்க வேண்டும். தூங்கும்போது போர்வைக்கு மேலே கட்டினால் பணிப்பெண் எழுப்பிப் பார்க்க வேண்டியதில்லை. இறக்கைக்கு அருகில் இடம் கேட்டு வாங்குங்கள், வால் பக்கம்தான் ஆட்டம் அதிகம். தட்டில் அரை தம்ளர் தண்ணீர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்புக்குப் பள்ளத்தில் விழுந்ததுபோலத் தோன்றிய பல குலுக்கலில் அந்தத் தண்ணீர் சிந்தாமல் இருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

வீட்டிலிருந்து முதல்முறை பறக்கப் போகிறவர்களுக்கு ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கிறோம். கூடவே இரண்டு எண்களையும் சொல்லி அனுப்புங்கள். பயம் தெளிய 178 அடி. புத்தி தெளிய 8 நொடி.