கீமோவுக்குப் பின் காய்ச்சல்: முதல் ஒரு மணி நேரம் குறித்து எங்கள் நிலைப்பாடு

புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்களாகிய நாங்கள், செவிலிய மாணவிகளுக்காகத் தயாரித்த படிப்புத் தாளை ஒட்டி இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். கீமோ போட்டுக்கொண்ட நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால், கவுன்ட் ரிப்போர்ட் வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. அவர் மருத்துவமனைக்குள் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியிருக்க வேண்டும். அதற்கு மருத்துவர் முன்கூட்டியே கையெழுத்திட்ட நிலையான ஆணை, கேஷுவாலிட்டியிலும் வார்டிலும் செவிலியர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

ஏன் இத்தனை அவசரம்? கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிவருபவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள். பெரும்பாலான கீமோ மருந்துகளுக்குப் பின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் இவை அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. அதே நாட்களில் வாயின் உட்தோலும் குடலின் உட்தோலும் புண்ணாகிக் கிடக்கும். நம் குடலிலேயே எப்போதும் குடியிருக்கும் கிருமிகள் அந்தப் புண் வழியாக ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. தொற்று வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை மாணவிகள் முதலில் உணர வேண்டும்.

அடுத்தது, இந்த நோயாளிகளிடம் தொற்றின் வழக்கமான அடையாளங்கள் இருக்காது. சீழ் என்பதே பெரும்பாலும் இறந்த நியூட்ரோஃபில்கள்தான். அவையே இல்லாதபோது சீழ் எங்கிருந்து வரும்? நெஞ்சில் நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். சிறுநீரில் தொற்று இருந்தும் சீழணுக்கள் தென்படாமல் போகலாம். கழுத்திலோ கையிலோ உள்ள லைனைப் பார்க்கும்போது சீழைத் தேடாதீர்கள். லேசான சிவப்பு, விரல் வைத்தால் முகம் சுளிக்கும் வலி, இவ்வளவுதான் கிடைக்கும். பல நேரம் அதுவும் இல்லாமல், காய்ச்சல் ஒன்றே அடையாளமாக நிற்கும்.

படிப்புத் தாளில் நாங்கள் அமைத்திருக்கும் ஒரு மாதிரி நிகழ்வைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 52 வயது அம்மா. பத்தாம் நாள் இரவு பத்து மணிக்கு உடம்பு கொதிக்கிறது; வாயில் வைத்த தர்மாமீட்டர் 101.2 காட்டுகிறது. மகள் 650 மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் படுக்க வைக்கிறாள். நள்ளிரவில் வியர்த்து, 99க்கு இறங்குகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு, காலையில பாத்துக்கலாம்" என்று வீடே உறங்கிவிடுகிறது. விடிகாலையில் அம்மா எழுந்திருக்க முடியாமல் குழறிப் பேசுகிறார். கேஷுவாலிட்டிக்கு வரும்போது நாடித் துடிப்பு 128, பிரஷர் 84க்கு 50, கை கால் சில்லிட்டிருக்கிறது. காய்ச்சலோ 98.4.

மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கியது, கிருமியை அல்ல. காலையில் நார்மலாகத் தெரிந்த அந்த 98.4ஐ நம்பி அவரை வரிசையில் உட்கார வைத்தால் அது இரண்டாவது தவறு. வீட்டில் ஒருமுறை காய்ச்சல் காட்டியதே போதும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சலே வராமல் போகலாம். திடீர்க் குழப்பம், குளிர் நடுக்கம், இறங்கும் பிரஷர், வேகமான மூச்சு ஆகியவற்றையும் காய்ச்சலுக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாயில் அளக்கும்போது ஒரே ஒருமுறை 101 (38.3 டிகிரி செல்சியஸ்) காட்டினாலோ, 100.4 (38) ஒரு மணி நேரம் நீடித்தாலோ அது காய்ச்சல். நம் ஊரில் அக்குளில் அளப்பதே வழக்கம். அக்குளில் அளவு குறைவாகக் காட்டும் என்பதால் 100ஐக் கண்டு "லேசான சூடு" என்று ஒதுக்கக் கூடாது. ஆசனவாயில் தர்மாமீட்டர் வைப்பதும் எனிமா கொடுப்பதும் கண்டிப்பாகக் கூடாது. அங்கே ஏற்படும் சிறு கீறல் போதும், கிருமி ரத்தத்தில் ஏற.

கணக்கையும் மாணவிகள் கையால் போட்டுப் பழக வேண்டும். அந்த அம்மாவின் மொத்த வெள்ளையணு 900, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம், முதிராத பேண்ட் அணுக்கள் 2 சதவீதம். 900ஐ 22ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 198. 500க்குக் கீழே போனாலே கடுமையான குறைவு. 500க்கு மேல் இருந்தாலும் அடுத்த இரண்டு நாளில் அதற்குக் கீழே இறங்கும் என்று தெரிந்தால், அதே வேகத்தில்தான் செயல்பட வேண்டும். ஆனால் கணக்கு எத்தனை என்பது மருந்து ஏறிய பிறகு தெரிந்தால் போதும்.

அந்த ஒரு மணி நேரத்தில் செவிலியர் செய்ய வேண்டியது இதுதான். வந்தவுடன் கீமோ அட்டையைக் கேட்டு, கடைசி கீமோ தேதியைப் பார்க்க வேண்டும். வைட்டல்ஸ் எடுத்து, ட்யூட்டி டாக்டரை அழைக்க வேண்டும். இரண்டு இடங்களிலிருந்து பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும். போர்ட்டோ பிக் லைனோ இருந்தால் ஒன்று அதிலிருந்து, மற்றொன்று கை நரம்பிலிருந்து. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் தேவை. குறைந்தால் கிருமி சிக்காது. நரம்பு கிடைக்காமல் கல்ச்சர் தாமதமானால் அதற்காக மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். மருந்து எது என்பதை அந்த மருத்துவமனையின் கிருமி வழக்கத்தைப் பார்த்து மருத்துவர்கள் ஆணையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். பைபராசிலின்-டாசோபாக்டம், செஃபபைம் போன்றவை பரவலாக உள்ளவை. பென்சிலின் அலர்ஜி உண்டா என்று கேட்பது மட்டும் ஒருபோதும் விடுபடக் கூடாது. உண்டு என்றால் ஆணை அங்கேயே நிற்கும். மாற்று மருந்தை மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஆணையின் எல்லை முதல் டோஸோடு முடிகிறது. நோயாளியை அட்மிட் செய்வதா, நிலைமை சீரானவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவதா என்பது மருத்துவரின் முடிவு.

தடுப்பு முறைகளில் ஒன்றைப் பற்றி எங்கள் கருத்தைச் சொல்லியாக வேண்டும். பழம் கூடாது, பச்சைக் காய்கறி கூடாது என்ற பட்டியல் பல வார்டுகளில் இன்னும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் ரத்தப் புற்றுநோயாளிகள் 153 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சமைத்த உணவு மட்டும், மற்றவர்களுக்குப் பச்சைப் பழம், காய்கறியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளியான முடிவில் கடுமையான தொற்றிலோ உயிரிழப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நன்றாகக் கழுவி, தோல் உரித்த வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும், வாய்ப்புண்ணால் சாப்பாடே இறங்காத நோயாளியிடமிருந்து பறிக்க வேண்டாம் என்கிறோம். திறந்து வைத்த சட்னியும் தெருவோர ஜூஸும் தவிர்க்க வேண்டியவையே. அந்தப் பட்டியலை ஒட்டிய சுவரில் கைகழுவும் முறையை ஒட்டுங்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை சுத்தம், மென்மையான பிரஷ்ஷால் வாய்ச் சுத்தம், சளி இருமல் உள்ள உறவினர் உள்ளே வராமை, இவைதான் காக்கின்றன.

கீமோ முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் ஒரு தர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கீமோ அட்டையின் மேலே, கொட்டை எழுத்தில், தமிழில் இதை எழுதிக் கொடுங்கள்: "100.4க்கு மேல் காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். இரவானாலும் உடனே வாருங்கள். இந்த அட்டையைக் காட்டுங்கள்."