ஆளுக்கொரு டேப்லெட் வந்தால்தான் விளையாட்டுப் பாடமா?

இணையம், ஒரே மாதிரிக் கருவிகள், ஆளுக்கொரு டேப்லெட்: இந்த மூன்றும் இல்லாத பள்ளியில் விளையாட்டு வழியாக அறிவியல் நடத்த முடியாது என்று பலரும் நம்புகிறார்கள். மூன்றுமே தேவையில்லை. PhET தளத்தில் உள்ள Balancing Act என்ற நெம்புகோல் விளையாட்டை வைத்தே இதைக் காட்டலாம்.

"இணையம் வேண்டும்." PhET, அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய திட்டம். விளையாட்டுக்குக் கட்டணம் இல்லை. முழு விளையாட்டும் ஒரே HTML கோப்பாகக் கிடைக்கும். வீட்டிலேயே ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் எடுத்துவந்தால், வகுப்பில் இணையம் தேவைப்படாது.

"எல்லாக் கருவியும் ஒன்றுபோல இருக்க வேண்டும்." HTML கோப்புக்குப் பிரவுசர் போதும், பழைய லேப்டாப்பும் ஆண்ட்ராய்டு போனும் ஒரே பாடத்தில் சேரலாம். அதே தளத்தில் உள்ள பழைய ஜாவா விளையாட்டுகள் போனில் ஓடாது என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். சில போன்கள் சேமித்த கோப்பைச் சரியாகத் திறக்காது. அப்போது ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பையும் மற்ற போன்களையும் அதில் இணையுங்கள். பைத்தான் உள்ள லேப்டாப்பில், கோப்பு இருக்கும் ஃபோல்டரில் இதை இயக்குங்கள்:

```
python3 -m http.server 8000
```

லேப்டாப்பின் ஐபி எண்ணுடன் `:8000` சேர்த்துப் போன் பிரவுசரில் அடித்தால் கோப்பு தெரியும். பக்கம் வராவிட்டால், அந்தப் போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"ஆளுக்கொரு கருவி இல்லாவிட்டால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்." நான்கு பேருக்கு ஒரு கருவி கொடுத்தாலும், கணிப்பை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாளில் எழுத வேண்டும் என்று விதி வைத்தால் யாரும் சும்மா இருக்க முடியாது. இடப்பக்கம் 1 மீட்டரில் 10 கிலோ செங்கல். வலப்பக்கம் 5 கிலோவை எங்கே வைப்பது? தாங்குகால்கள் பலகையைப் பிடித்திருக்கும்போதே எல்லோரும் எழுதி முடிக்க வேண்டும். பிறகு கால்களை எடுத்தால், 2 மீட்டர் என்று எழுதியவரின் கணிப்புப்படி பலகை சமமாக நிற்கும்.

இதோடு நிறுத்தினால், "பாதி எடைக்கு இரட்டைத் தூரம்" என்ற குறுக்குவழி மட்டுமே மாணவர் மனதில் நிற்கும். அதனால் அடுத்து 1 மீட்டரில் 15 கிலோவை வைத்து, மறுபக்கம் 10 கிலோவைக் கொடுங்கள். குறுக்குவழியை நம்பியவர் மறுபடி 2 மீட்டர் என்று எழுதுவார். எடையையும் தூரத்தையும் பெருக்கிப் பார்க்கக் கற்றவர் 1.5 மீட்டர் என்று எழுதுவார். யார் புரிந்துகொண்டார், யார் ஊகித்தார் என்பது திரையில் தெரியாது. அந்தத் தாள்களில் தெரியும்.

இதற்கு ஆசிரியரிடம் இருக்க வேண்டியது இரண்டு: முந்தைய நாளே எல்லாக் கருவியிலும் கோப்பைத் திறந்து பார்க்கும் பொறுமை, குறுக்குவழியை முறிக்கும் இரண்டாவது கேள்வி. அந்தக் கேள்வி இல்லாத வகுப்பில், புதிதாக டேப்லெட் வாங்கிக் கொடுத்தாலும் குறுக்குவழிதான் மிஞ்சும்.