கடிக்கவில்லை, கீறல்தான்

தமிழில் இந்த நோயின் பெயரிலேயே கடி இருக்கிறது. வெறிநாய்க்கடி என்கிறோம், அதற்குப் போடுவதை நாய்க்கடி ஊசி என்கிறோம். புறநோயாளிப் பிரிவுக்கு வருபவரிடம் முதலில் கேட்பதும் "எங்கே கடித்தது?" என்பதுதான். கடிக்கவில்லை, நகம்தான் பட்டது, கையை நக்கிவிட்டுப் போய்விட்டது என்று பதில் வந்ததும் கேட்டவரின் கவனம் தளர்ந்துவிடுகிறது. ரேபிஸ் வைரஸுக்குப் பல் தேவையில்லை. எச்சிலும், அது உள்ளே இறங்க உடைந்த தோலோ கண், உதடு போன்ற இடங்களின் சளிச்சவ்வோ இருந்தால் போதும். பாதங்களை நக்கிக்கொள்வது நாயின் வழக்கம் என்பதால் நகத்தில் எச்சில் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே தெருநாய் கீறியவரிடமோ நக்கியவரிடமோ நாய் என்ன செய்தது என்று விசாரிப்பதோடு நிறுத்தாமல், தோல் என்ன ஆயிற்று என்று நல்ல வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் வாதம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மூன்று வகைப் பிரிப்பும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. முழுமையான தோலை நக்கினால் முதல் வகை. சொல்பவரின் தகவல் நம்பத் தகுந்ததாக இருந்தால் ஊசி எதுவும் வேண்டாம். ரத்தம் வராத சிறு கீறலோ சிராய்ப்போ இரண்டாம் வகை. அதற்குக் காயத்தைக் கழுவுதலும் தடுப்பூசியும் போதும். தோலை ஊடுருவிய கீறல், உடைந்த தோலின்மீது நக்கல், சளிச்சவ்வில் எச்சில் படுதல் ஆகியவை ஆழமான கடிக்குச் சமமாக மூன்றாம் வகையில் வைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு இம்யூனோகுளோபுலினும் சேர வேண்டும். கணுக்காலில் சொறிந்த புண்ணோ விரலிடுக்கில் சிரங்கோ இருப்பவரை நாய் அங்கே நக்கியிருந்தால் அவர் முதல் வகையிலிருந்து நேரே மூன்றாம் வகைக்குப் போகிறார். இதைப் பார்க்காமல் விட்டால் பிழை சிறிதல்ல. தடுப்பூசியால் உடல் தானே எதிர்ப்பொருள் உண்டாக்க ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸை நரம்புக்குள் நுழையவிடாமல் காயத்திலேயே மடக்குவது இம்யூனோகுளோபுலின் மட்டுமே. நோய் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குன்றியவர்களுக்கு இரண்டாம் வகையிலும் அதைக் கொடுக்கச் சொல்வதன் காரணமும் இதுதான்.

ஒரு குழந்தையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வயது மூன்று, எடை 12 கிலோ. தெருவில் திரியும் நாய்க்குட்டி பாய்ந்ததில் கன்னத்தில் விரற்கடை நீளத்துக்குக் கீறல், ஓரிடத்தில் ரத்தம் துளிர்த்துக் காய்ந்திருக்கிறது. வீட்டில் தண்ணீர் ஊற்றித் துடைத்து மஞ்சள் பூசி அழைத்து வந்திருக்கிறார்கள். ரத்தம் துளிர்த்துவிட்டதால் இது மூன்றாம் வகை. முகத்திலிருந்து மூளைக்கு நரம்புப் பாதை குறுகியது என்பதால் காத்திருக்க இடமில்லை. முதல் வேலை குழாயடியில். மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்த் தூளோ எது பூசியிருந்தாலும் நீக்கிவிட்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இந்த வைரஸின் வெளியுறை கொழுப்பாலானது, சோப்பு அதைச் சிதைக்கும். கண்ணில் எச்சில் பட்டிருந்தால் சோப்பில்லாமல் வெறும் நீரால் நன்றாக அலச வேண்டும். "வீட்டிலேயே கழுவிவிட்டோம்" என்று சொன்னால் பெரும்பாலும் அது ஒரு நிமிடக் கழுவல்தான். அதனால் நம் கண்முன் மீண்டும் கழுவச் செய்வதே முறை, பல மணி நேரம் கழித்து வந்திருந்தாலும் அப்படித்தான். கழுவிய பின் போவிடோன் அயோடின் தடவலாம். கட்டுப்போட வேண்டாம்.

அடுத்தது இம்யூனோகுளோபுலின். குதிரைச் சீரத்திலிருந்து எடுப்பது கிலோவுக்கு 40 அலகு. இக்குழந்தைக்கு 480 அலகு, அதாவது மில்லிக்கு 300 அலகுள்ள மருந்தில் 1.6 மில்லி. மனித சீரத்திலிருந்து எடுப்பது கிலோவுக்கு 20 அலகு. இவை உச்ச வரம்புகள். கன்னக் கீறலின் ஓரத்தில் மெல்லிய ஊசியால் சிறிது சிறிதாகச் செலுத்தினால் அந்த இடம் அவ்வளவையும் ஏற்காது. ஏற்கிற அளவே போதும். முன்பு மீதியைத் தசையில் போட்டு வந்தோம். 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி மருந்து காயத்திலும் அதைச் சுற்றியும் போனால் போதும், தொலைவில் தசையில் போடுவதால் கூடுதல் பயன் குறைவு. அன்று மருந்து கையிருப்பில் இல்லையென்றால் தடுப்பூசியை நிறுத்திவைக்கக் கூடாது. முதல் தவணையிலிருந்து ஏழாம் நாள் வரை இம்யூனோகுளோபுலினைச் செலுத்தலாம். அதற்குப் பின் உடலின் சொந்த எதிர்ப்பொருள் வரத் தொடங்கிவிடும் என்பதால் தேவையில்லை.

மருந்து அரிது, விலை கூடியது, கீறலுக்கெல்லாம் கொடுத்தால் ஆழக் கடிபட்டு வருபவருக்கு இல்லாமல் போகும் என்ற மறுப்பு நியாயமான கவலையிலிருந்து வருகிறது. ஆனால் கணக்கைப் பார்த்தால் கீறல் கேட்பது மிகக் குறைவு. ஐந்து மில்லிக் குப்பியிலிருந்து ஒரு கீறலுக்கு அரை மில்லி போய்விட்டால், மீதியைத் தூய்மை கெடாமல் தனித்தனி சிரிஞ்சுகளில் எடுத்து அன்றே வரும் மற்றவர்களுக்குப் பயன்படுத்தலாம். தேவையில்லாத இடத்தில் தசையில் போடும் பழைய வழக்கமும் மருந்தை வீணாக்குகிறது. கீறலால் நோய் வந்ததை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம் என்று கேட்பவர்களும் உண்டு. கடியைவிடக் கீறலில் ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. தவறினால் திருத்த வழியில்லாத இடத்தில் ஐயம் வந்தால் ஒரு வகை மேலே வைப்பதே சரி.

தடுப்பூசி அட்டவணையில் பிழை வேறுவிதமாக நேர்கிறது. நம் நாட்டில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் 0.1 மில்லி வீதம் போடுகிறோம். தசையில் போடுவதென்றால் 0, 3, 7, 14, 28 என ஐந்து தவணை. பெரியவர்களுக்குத் தோள், சிறு குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறம், எவருக்கும் புட்டம் கூடாது. தோலுக்குள் போட்டதும் சிறு கொப்புளமாக மேலெழ வேண்டும். எழவில்லையென்றால் மருந்து கீழே இறங்கிவிட்டது, பக்கத்தில் மறுபடி போட வேண்டும். சிக்கல் நாள் கணக்கில்தான். பூஜ்ய நாள் என்பது முதல் ஊசி போட்ட நாள். நம் மக்கள் இன்றையும் சேர்த்து எண்ணுவார்கள். திங்கட்கிழமை ஊசி போட்டு "மூணாம் நாள் வாங்க" என்றால் புதன்கிழமை வந்து நிற்பார்கள், வர வேண்டியதோ வியாழன். ஆகவே சீட்டில் எண்ணை எழுதாமல் கிழமையும் தேதியும் எழுதுவது நல்லது. மேற்சொன்ன குழந்தைக்குத் திங்கள், வியாழன், அடுத்த திங்கள், முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். ஒரு தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டு ஊசி போட்டுக்கொள்கிறோம் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எச்சிலில் வைரஸை வெளியிடும் நாய் பத்து நாளுக்குள் நோயுற்று இறந்துவிடும் என்பதே அந்த விதியின் அடிப்படை. அதன் பயன் தொடங்கிய சிகிச்சையை இடையில் நிறுத்துவதற்கு, தொடங்காமல் இருப்பதற்கல்ல. தெருநாயைப் பத்தாம் நாள் தேடினால் அதே நாய்தானா என்று எவரால் உறுதியாகச் சொல்ல முடியும்? இவ்வளவுக்கும் நம் பதிவேட்டில் இருப்பது "கடித்த இடம்" என்ற ஒரே கட்டம். அதற்குப் பதிலாக எச்சில் பட்டதா, தோல் உடைந்ததா, ரத்தம் வந்ததா, நம் முன்னிலையில் கழுவப்பட்டதா என்று நான்கு கட்டங்கள் வைக்க ஒரு ஸ்கேலும் பேனாவும் போதும்.