ஐந்து விரலும் ஒரு பக்கமும்

ஆங்கிலம் கற்கத் தொடங்குவோருக்கான படிநிலைக் கதைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஐந்து விரல் கணக்கு வந்துவிடுகிறது. ஒரு பக்கத்தைப் படி, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்காதவரை புத்தகம் உனக்கு ஏற்றதுதான் என்கிறார்கள். எத்தனை சொற்கள் உள்ள பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. 250 சொற்கள் உள்ள பக்கத்தில் நான்கு தெரியாவிட்டால் அறுபதுக்கு ஒன்றுதான் தெரியவில்லை. கதை தடையில்லாமல் ஓடும். படம் பெரிதாக இருக்கும் தொடக்கநிலைப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு 40 சொற்கள்தான். அங்கே நான்கு தெரியாவிட்டால் பத்துக்கு ஒன்று தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே தீர்ப்புச் சொல்லும் அளவுகோல், மிகப் புதிய வாசகரைத்தான் மிகக் கடினமான பக்கத்தில் தள்ளுகிறது.

மீதியைச் சூழலை வைத்து ஊகித்துக்கொள்ளலாமே என்பார்கள். ‘கிழவன் ___ தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியாக வயலுக்கு நடந்தான்’ என்றால், விடுபட்டது மண்வெட்டி என்று நமக்குத் தோன்றும். வரப்பும் வயலும் தெரிந்ததால் தோன்றுகிறது. அவற்றையும் எடுத்துவிட்டால், கிழவன் எதையோ தோளில் போட்டுக்கொண்டு எங்கோ நடந்தான் என்பதற்கு மேல் எதுவும் மிஞ்சாது. தெரிந்த சொல்தான் தெரியாத சொல்லுக்குத் துப்புக் கொடுக்கிறது. ஹூவும் பால் நேஷனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையின் சில சொற்களை எடுத்துவிட்டுப் பொருளற்ற சொற்களை வைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 80 சொற்களே தெரிந்த நிலையில் ஒருவருக்கும் கதை போதிய அளவு புரியவில்லை. 95-இலும் சிலருக்குத்தான் புரிந்தது. துணையின்றிப் படிக்க 98 வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். அதாவது ஐம்பதுக்கு ஒன்று. 40 சொல் பக்கத்துக்கு அது ஒரு விரல்கூட இல்லை.

இத்தனை எளிதாக இருந்தால் புதுச்சொல் எப்போது கற்பது என்று கேட்கலாம். 5000 சொற்கள் கொண்ட சிறு கதைநூலில் ஐம்பதுக்கு ஒன்று என்றாலே நூறு இடங்களில் புதுச்சொல் எதிர்ப்படும். அவற்றில் பல, வந்த சொல்லே திரும்பி வருபவை. அந்த மறுவருகையில்தான் சொல் மனத்தில் தங்குகிறது. ஆசிரியர் பக்கத்தில் இருந்து வரிவரியாக விளக்கும் பாடத்துக்குக் கடினமான பக்கம் தகும். அது வேறு வேலை. தனியாகப் படிப்பவர் கையில் அதே பக்கத்தைக் கொடுத்துவிட்டு, அவர் நாலாம் பக்கத்தில் மூடிவைத்தால் வாசிப்புப் பழக்கம் இல்லை என்று பழிப்பது அநியாயம். வயதுக்குக் குறைந்த புத்தகம் என்று கௌரவம் பார்த்து மேல்நிலை நூலை வாங்கித் திணிக்கும் பெற்றோரும் இதே அநியாயத்தைத்தான் செய்கிறார்கள்.

இந்த ஐம்பதுக்கு ஒன்று ஆங்கிலத்துக்கான கணக்கு. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்பது ஒரே சொல்லாக நிற்கும் தமிழுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆங்கிலக் கதை வாங்கப் போகிறவர்கள் இதையாவது செய்யுங்கள்: நடுவில் தொடர்ந்து 100 சொற்களை எண்ணிப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது தெரியாத சொல் வந்தால் ஒரு நிலை கீழே உள்ள புத்தகத்தை எடுங்கள்.