சிக்னலும் இல்ல, போர்டும் இல்ல... நாற்சந்தியில் யார் முதலில் போகலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

"நான்தான் நேரா வந்தேன், நீதான் குறுக்க வந்த!" குடியிருப்புப் பகுதியில் இரண்டு தெருக்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வண்டிகள் மோதினால், முதலில் காதில் விழும் வசனம் இதுதான். சிக்கல் என்னவென்றால், அங்கே இருவருமே நேராகத்தான் வந்திருப்பார்கள். இருவருக்கும் மற்றவர்தான் 'குறுக்கே வந்தவர்'.

அப்படியானால் யார் வழிவிட வேண்டும்?

சட்டம் சொல்வது என்ன?

சாலை விதிமுறைகள் 1989-ன் 9-வது விதி இதற்குப் பதில் சொன்னது. நீங்கள் நுழையும் சாலை, பிரதான சாலை என்று அறிவிக்கப்பட்டிருந்தால் அதில் செல்லும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். மற்ற எல்லா இடங்களிலும், உங்களுக்கு வலது பக்கத்திலிருந்து வரும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும். அந்த விதிகளுக்குப் பதிலாக 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இதே அடிப்படைதான்.

யார் முதலில் ஹாரன் அடித்தார், யார் வண்டி பெரியது, யார் ஹெட்லைட்டை மினுக்கினார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஏன் வலது பக்கம்?

நாம் சாலையின் இடது ஓரமாக ஓட்டுகிறோம். அதனால் வலமிருந்து வருபவர், குறுக்குத் தெருவில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பாதியில் வருவார். இடமிருந்து வருபவரோ எதிர்ப்புற பாதியில் போவார். அதாவது, நீங்கள் சந்திக்குள் நுழைந்ததும் முதலில் குறுக்கிடுவது வலப்பக்க வண்டிதான்.

ஆனால், இதை எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதி என்று நினைக்க வேண்டாம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனில், குறியீடு இல்லாத நாற்சந்தியில் யாருக்குமே முன்னுரிமை இல்லை என்கிறது அந்நாட்டு நெடுஞ்சாலைக் கையேடு.

ஓர் உதாரணம்

இரண்டும் 20 அடி தெருக்கள். நீங்கள் டூ வீலரில் வடக்கு நோக்கிப் போகிறீர்கள். கிழக்குத் தெருவிலிருந்து ஒரு கார் வருகிறது. கார் உங்களுக்கு வலப்பக்கம், ஆகவே நீங்கள்தான் வழிவிட வேண்டும். அதே கார் மேற்கிலிருந்து வந்தால்? இப்போது நீங்கள் அதற்கு வலப்பக்கம், ஆகவே கார் நிற்க வேண்டும்.

நான்கு திசையிலும் ஒரே நேரத்தில் வண்டி வந்தால் இந்த விதியால் தீர்வு சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பாரே! அங்கே யாராவது ஒருவர் கைகாட்டி விட்டுக்கொடுத்தால்தான் முடிச்சு அவிழும்.

'எனக்குத்தான் முன்னுரிமை' என்று வேகமாகப் போகலாமா?

கூடாது. சந்தியை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டிய கடமை இருவருக்குமே உண்டு. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், ஆபத்தை உணர்ந்து பிரேக் பிடித்து வண்டி நிற்க சுமார் 14 மீட்டர் தேவை. 15 கி.மீ. வேகத்தில் என்றால் 6 மீட்டருக்குள் நின்றுவிடும். காம்பவுண்டு சுவர் மறைக்கும் தெருமுனையில், குறுக்கே வரும் வண்டி சில மீட்டர் தூரத்தில்தான் கண்ணில் படும். 30 கி.மீ. வேகத்தில் வந்தால், விதி உங்கள் பக்கம் இருந்தும் வண்டியை நிறுத்த முடியாது.

விபத்து வழக்கில் இது பணமாகவே கழியும். வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருவர் மீதும் தவறு உண்டா என்று பார்க்கும். உதாரணமாக, டூ வீலரில் போன உங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டு, உங்கள் கவனக்குறைவு 30% என்று முடிவு செய்தால், கைக்கு வருவது 7 லட்சம்தான்.

விபத்தே நடக்காவிட்டாலும், ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

எப்போது இந்த விதி பொருந்தாது?

தலைகீழ் முக்கோண போர்டோ, 'நில்' போர்டோ உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். வலம் இடம் பார்க்க வேண்டியதில்லை. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. போலீஸ்காரர் கைகாட்டினால் அதுதான் விதி. சைரனோடு வரும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வழிவிட வேண்டும். தவறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

அடுத்த முறை போர்டு இல்லாத தெருமுனைக்கு வரும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையையோ காலையோ எடுத்துவிட்டு முதலில் வலப்பக்கம் பாருங்கள். அங்கே வண்டி வந்தால், அவர் போகட்டும்.