"சம்பளம் நேரில்" என்று போடாதீர்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடைக்காரர்கள் பலரும் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, கடைக்கு ஆள் தேவை என்று பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் போடுவது. செலவு கிடையாது. ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிட வேலை ஐந்து மாதம் படுத்தி எடுத்த கதையை, கும்பகோணத்தில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் என் நண்பர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டேன்.

அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆள். மாலையில் கூட்டம் வரும் நான்கு மணி நேரம் மட்டும் வளையல், பொட்டு, கவரிங் எடுத்துக் காட்டி விற்க வேண்டும். 2025 ஏப்ரலில் மொபைல் போனிலேயே ஒரு படம் தயார் செய்தார். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து. "உடனடி வேலைவாய்ப்பு! பெண்கள் தேவை! பார்ட் டைம்! கை நிறைய சம்பளம்! விபரங்கள் நேரில்." கீழே ஒரு மொபைல் எண். அது அவர் மனைவியின் எண்.

முதல் நாளே அழைப்புகள் குவிந்தன. எந்த ஊர், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்ற மூன்று கேள்விகளுக்கு அந்த அம்மா நாள் முழுவதும் பதில் சொன்னார். வீட்டிலிருந்தே செய்யலாமா என்று கேட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் வேலைக்குத் தொடர்பில்லாத அழைப்புகளும் வந்தன. பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் பஸ் பிடித்து நேரிலேயே வந்தார். வேலை இரவு ஒன்பது மணி வரை என்று கடையில் வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் அதற்கு முன்பே போய்விடும். அரை நாளும் பஸ் கட்டணமும் அவருக்கு நஷ்டம். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் உண்மையில் பாதிக்கப்பட்டவர் அவர்தான். நேரத்தை ஒரு வரி போட்டிருந்தால் அவர் கிளம்பியே இருக்க மாட்டார்.

ஒரு வாரத்தில், தெரிந்தவர் மூலம் ஆள் கிடைத்துவிட்டது. நண்பர் பதிவை நீக்கிவிட்டார். அழைப்புகள் நிற்கவில்லை. ஆகஸ்டிலும் வந்து கொண்டிருந்தன.

காரணம் எளிமையானது. அவருடைய பதிவு Friends என்ற அமைப்பில் இருந்தது. அப்படி இருக்கும் பதிவை நண்பர் ஒருவர் ஷேர் செய்தாலும், முதலில் அதைப் பார்க்க அனுமதி உள்ளவர்களுக்கு மட்டுமே தெரியும். உதவி செய்ய நினைத்தவர்கள் என்ன செய்தார்கள்? திரையை அப்படியே ஸ்கிரீன் ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். அந்தப் படத்தில் பதிவு போட்ட நேரம் 2h என்று இருக்கும். அதாவது இரண்டு மணி நேரத்துக்கு முன். ஐந்து மாதம் கழித்துப் பார்ப்பவருக்கும் அது 2h தான். மூலப் பதிவை நீக்கினாலும், ஊர் ஊராகச் சுற்றும் படத்தை யாராலும் நீக்க முடியாது. தேதி இல்லாத வேலை விளம்பரத்துக்குச் சாவே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. "பார்ட் டைம், கை நிறைய சம்பளம், உடனே அழைக்கவும்" என்ற வாசகம் யாருடையது தெரியுமா? பகுதி நேர வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் பறிக்கும் மோசடிக்காரர்களுடையது. ஊர் பெயர், கடை விலாசம், சம்பளம் எதுவும் இல்லாத விளம்பரத்தைப் பார்த்து விபரம் தெரிந்தவர்கள் ஒதுங்கிப் போவார்கள். அதில் தப்பே இல்லை. நல்ல ஆட்கள் விலகி, சும்மா கேட்டு வைப்போம் என்பவர்கள் மட்டும் அழைப்பார்கள். (இப்படிப் பணம் இழந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.)

செப்டம்பரில், தீபாவளிக் கூட்டத்துக்காக அவருக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. இம்முறை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, படமாக இல்லாமல் எழுத்தாகவே டைப் செய்தோம். எழுத்தாக இருந்தால்தான் பிறகு திருத்த முடியும், தேடுபவர்களுக்கும் கிடைக்கும். பதிவு இதுதான்:

"கும்பகோணம் பெரிய கடை வீதி அருகே உள்ள எங்கள் பேன்சி ஸ்டோரில் மாலை நேர விற்பனையாளர் ஒருவர் தேவை. வேலை நேரம் மாலை 5 முதல் இரவு 9 வரை. செவ்வாய் விடுமுறை. மாதச் சம்பளம் ரூ.7,500. பொருள் எடுத்துக் காட்டுவது, பில் போடுவது, மூடும்போது அடுக்கி வைப்பது வேலை. அனுபவம் தேவையில்லை, பில் போடக் கற்றுத் தருவோம். 18 வயது நிரம்பிய இருபாலரும் வரலாம். கட்டணம், டெபாசிட் எதுவும் கிடையாது. 2025 செப்டம்பர் 11 முதல் 13 வரை காலை 11 முதல் 1 மணிக்குள் கடைக்கு நேரில் வரவும். 13ம் தேதிக்குப் பின் இந்த விளம்பரம் செல்லாது."

இதோடு கடையின் பெயரையும் கதவு எண்ணையும் சேர்த்தோம். சம்பளத்தைப் போட நண்பர் லேசில் சம்மதிக்கவில்லை. "பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும், பழைய ஆட்களும் ஏற்றிக் கேட்பார்கள்" என்றார். கேட்பார்கள்தான். ஆனால் மறைத்து வைத்தால் மட்டும் அவர்களுக்குத் தெரியாமலா போகும்? நான்கு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 104 மணி நேரம். ரூ.7,500ஐ அதால் வகுத்தால் மணிக்கு 72 ரூபாய் வருகிறது. கடை ஊழியர்களுக்கு அரசு நிர்ணயித்துள்ள குறைந்தபட்ச ஊதியத்துக்கும் இதே போல மணிக் கணக்குப் போட்டு, நாம் தருவது அதற்குக் குறையாமல் உள்ளதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். வெளியில் சொல்லக் கூச்சப்படும் சம்பளம் என்றால், பிரச்னை விளம்பரத்தில் இல்லை.

பதிவை வெளியிடும் முன், Friends என்று இருந்ததை Public என மாற்றினோம். இனி ஷேர் செய்தால் மூலப் பதிவே போகும். வீட்டு எண்ணைப் போடவில்லை. கடைக்கென்று ஒரு தனி சிம் வாங்கி, அதில் WhatsApp Business என்ற இலவச அப்ளிகேஷனை நிறுவினோம். பதிவின் கடைசி வரியில் இப்படி ஒரு முகவரி கொடுத்தோம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=VELAI
```

X உள்ள இடத்தில் உங்கள் பத்து இலக்க எண் வரும். முன்னால் பூஜ்யமோ, கூட்டல் குறியோ, இடைவெளியோ கூடாது. இதைக் கிளிக் செய்பவருக்கு வாட்ஸ்அப் திறந்து, VELAI என்ற சொல் தயாராக நிற்கும். அவர் அனுப்பினால் போதும். அந்த அப்ளிகேஷனில் Away message என்ற வசதி உள்ளது. அதில் நேரம், சம்பளம், விலாசம், கடைசித் தேதி ஆகியவற்றை எழுதி வைத்தால், நாம் வியாபாரத்தில் இருக்கும்போதும் பதில் தானாகப் போய்விடும். ஆதார் நகல், போட்டோ இவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லவே வேண்டாம். கமெண்ட்டில் யாராவது தன் போன் எண்ணை எழுதினால் அதை நீக்கிவிட்டு, நேரில் வரச் சொல்லுங்கள்.

பதினேழு பேர் VELAI அனுப்பினார்கள். நேரில் வந்தவர்கள் ஐந்து பேர். ஐவருக்கும் நேரமும் சம்பளமும் தெரிந்திருந்ததால், பேச்சு முழுவதும் வேலையைப் பற்றியே இருந்தது. ஒரு கல்லூரி மாணவி கேட்ட ஒரே கேள்வி, "உட்கார ஸ்டூல் இருக்குமா?" என்பது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் 2021லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நண்பர் அதை விளம்பரத்தில் எழுத மறந்துவிட்டார். அந்த மாணவிதான் வேலைக்குச் சேர்ந்தார். ஸ்டூலும் வந்தது.

அன்றே பதிவைத் திறந்து, Edit post கிளிக் செய்து, முதல் வரியாக "இந்த இடம் 13.9.2025 அன்று நிரம்பிவிட்டது" என்று சேர்த்தோம். நீக்கவில்லை. ஷேர் செய்யப்பட்ட இடங்களிலும் இந்தத் திருத்தம் தெரியும். நீக்கியிருந்தால், ஆள் எடுத்தாயிற்றா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். இம்முறையும் யாரோ ஸ்கிரீன் ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அதில் கடைசித் தேதி இருக்கிறது. அக்டோபரில் ஒரே ஒருவர்தான் செய்தி அனுப்பினார், அதுவும் அடுத்த முறை ஆள் எடுத்தால் சொல்லுங்கள் என்று. பழைய மஞ்சள் படத்தைப் பார்த்து நண்பரின் மனைவிக்கு வரும் அழைப்புகள் மட்டும் இன்னும் முழுதாக ஓயவில்லை.