கேலரி கூட்டத்துக்கு எலும்பு போதும்!

கிரிக்கெட் கேம் புராஜெக்ட் பண்றீங்களா? கேலரியில் 20,000 பேரை நிரப்ப இன்ஸ்டன்சிங் இருக்கிறது: ஒரே உருவத்தை ஒரே டிரா காலில் 20,000 இடங்களில் வரையலாம். ஆனால் அத்தனை பேரின் அசைவையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிபியு கணக்கிட்டால் திணறிவிடும். அதனால் அசைவை முன்கூட்டியே டெக்ஸ்சரில் பதிந்துவிடுகிறோம். வெர்டெக்ஸ் ஷேடர் அதைப் படித்துக்கொள்ளும்.

எதைப் பதிவது? எளிது என்று பலர் ஒவ்வொரு வெர்டெக்ஸின் இடத்தையும் பதிகிறார்கள். நான் சொல்வது, எலும்புகளைப் பதியுங்க.

கணக்கு பாருங்க. உருவத்தில் 1,000 வெர்டெக்ஸ், கைதட்டல் 60 ஃபிரேம். மொத்தம் 60,000 பிக்சல். பிக்சலுக்கு 8 பைட் என்றால் 480 கேபி. நார்மலும் வேணும்னா இன்னொரு மடங்கு. அதே உருவத்தில் 30 எலும்பு, எலும்புக்கு 3 பிக்சல் என்றால் 5,400 பிக்சல், சுமார் 43 கேபிதான். எலும்புக்கூடு ஒன்றாக இருந்தால் தொப்பி போட்டவர், சேலை கட்டியவர் எல்லாருக்கும் அதே பதிவு போதும். வெர்டெக்ஸ் பதிவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி டெக்ஸ்சர்.

"ஷேடர் 12 முறை படிக்கணுமே?" என்பீங்க. வெர்டெக்ஸுக்கு 4 எலும்பு என்றால் உண்மைதான். கேலரியில் இருப்பவருக்கு ஒரே எலும்பு போதும், 3 முறைதான். முழங்கை மடிப்பு கொஞ்சம் நசுங்கும்; அவ்வளவு தூரத்தில் யார் பார்க்கப் போறாங்க?

எப்படிப் பதிந்தாலும் டெக்ஸ்சருக்கு கம்ப்ரெஷன் வேண்டாம். கை கால் உதறும். ஒவ்வொருவருக்கும் தொடக்க நேரத்தை மாற்றிக் கொடுங்க. இல்லன்னா மொத்த ஸ்டேடியமும் என்சிசி பரேடு மாதிரி ஒரே தாளத்தில் கைதட்டும்.